சாவி யாரிடம் இருக்கும்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு மூன்றிலும் சுற்றிவந்த ஒருத்திக்கு ‘டு லெட்’ பலகைகளின் மொழி மனப்பாடம் ஆகிவிடும். ‘சிறு குடும்பத்துக்கு மட்டும்.’ ‘சைவம் மட்டும்.’ ‘பேச்சிலர்கள் தவிர்க்கவும்.’ கேட்டுக் கம்பியில் கட்டித் தொங்கவிட்ட அட்டையில் இதற்கு மேல் இடம் இருக்காது. வாடகை எவ்வளவு என்று எழுதியிருக்காது, தண்ணீர் வருமா என்று எழுதியிருக்காது. வீட்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாமல், வரப்போகிறவர் யாராக இருக்கக்கூடாது என்பதை மட்டும் அந்த அட்டை சொல்லிவிடும். தனியாக வாழும் பெண்ணுக்கு அதில் தனி வரி கிடையாது. குடும்பம் என்ற சொல்லுக்குள்ளும் அவள் வரமாட்டாள், பேச்சிலர் என்ற சொல்லுக்குள்ளும் முழுதாக வரமாட்டாள். நேரில் போய்க் கேட்டுத்தான் ‘இல்லை’ என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த அட்டை இப்போது கைப்பேசிக்குள் வந்துவிட்டது. இன்ஸ்டாகிராமில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் படவரிசையைக் கரோசல் என்கிறார்கள். 2017இல் வந்தபோது ஒரு பதிவில் பத்துப் படம் வரை வைக்கலாம் என்றிருந்தது, 2024இல் அதை இருபது ஆக்கினார்கள். ஒற்றை வீட்டை வாடகைக்கு விடும் ஒருவருக்குப் பத்தே தாராளம். அட்டையில் மூன்று வரி எழுத இடமிருந்தவருக்குப் பத்துப் பக்கம் கிடைத்தால் என்ன எழுதுவார்? போன ஆடி மாதம் எனக்குத் தெரிந்த ஒரு டீச்சருக்காக அப்படி ஒன்றைச் செய்யும்போது இந்தக் கேள்விதான் மெல்ல மெல்லப் பெரிதாகியது.

டீச்சர் அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருமணம் செய்துகொள்ளாதவர். கபாலீஸ்வரர் கோயில் குளத்திலிருந்து பொடிநடையாகப் போகிற தூரத்தில் அப்பா விட்டுப்போன சின்ன வீடு. கீழே அவர், மேலே ஒரு போர்ஷன். ஓய்வூதியம் உண்டு என்றாலும் மருந்துச் செலவுக்கும் வீட்டு மராமத்துக்கும் மேல்வீட்டு வாடகைதான். ஆனி கடைசியில் பழைய குடித்தனக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள். ஆடியில் யாரும் குடி போகமாட்டார்கள் என்பதால் ஒரு மாதம் வீடு சும்மா இருக்கும். அந்த ஒரு மாதத்தில் வெள்ளையடித்து, படம் எடுத்து, ஆடி கடைசி வாரத்தில் பதிவு போட்டால் ஆவணி பிறந்ததும் ஆள் வரும் என்று கணக்குப் போட்டோம். தரகரிடம் போனால் ஒரு மாத வாடகை போய்விடும். அதைவிட, தரகர் யாரை அழைத்து வருவார், யாரை வாசலோடு அனுப்புவார் என்பது நம் கையில் இருக்காது.

படம் எடுப்பதில் ஆரம்பித்தோம். காலை ஒன்பது மணிக்கு மேல், எல்லா ஜன்னலையும் திறந்து, விளக்கையும் போட்டு, அறையின் மூலையில் நின்று நெஞ்சு உயரத்தில் கைப்பேசியைப் பிடித்து எடுக்க வேண்டும். அகலக் கோணம் வைத்தால் பத்தடி அறை பதினைந்தடியாகத் தெரியும். அது ஆசை காட்டும், ஆனால் நேரில் வருகிறவர் வாசலிலேயே முகம் சுளிப்பார். ஆகவே சாதாரணக் கோணத்திலேயே எடுத்து, படத்தின் அடியில் அளவை எழுதினோம்: கூடம் 10க்கு 14 அடி, படுக்கையறை 10க்கு 10, சமையலறை 6க்கு 8. ஒரு மர நாற்காலியை எல்லா அறையிலும் வைத்து எடுத்தோம். வெற்று அறைக்கு அளவே தெரியாது, நாற்காலி இருந்தால் கண்ணே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

முதல் படம் எது என்று ஒரு சின்ன வாக்குவாதம். டீச்சருக்கு வாசலும் கோலமும் தெரிய வேண்டும். இலக்கணப்போலி நடத்தும்போது நான் வருடா வருடம் சொல்லும் எடுத்துக்காட்டு ‘முன்றில்’. இல்முன் என்பது முன்றில் என மாறி நின்றது. வீட்டின் முன்பக்கத்தைச் சொல்ல இவ்வளவு அழகான சொல்லை வைத்திருந்தாலும், அந்தப் படத்தைப் போட வேண்டாம் என்றேன். வாசலும் கேட்டும் எதிர்வீட்டுச் சுவரும் தெரிந்தால், அறுபதைத் தாண்டிய பெண் ஒருத்தி தனியாக இருக்கும் வீடு எது என்று ஊருக்கே காட்டிக்கொடுத்தது போலாகும். எடுத்த படங்களை மறுபடி பார்த்தபோது கூடத்துச் சுவரில் டீச்சரின் பெற்றோர் படம், காலண்டரில் தெருக்கோடிக் கடையின் பெயர், மின்மீட்டரில் இணைப்பு எண், பால்கனிப் பூட்டின் வகை எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. அவற்றை எடுத்துவிட்டு மறுபடி எடுத்தோம். முதல் பக்கத்தில் வெளிச்சமான கூடத்தை வைத்து, அதன் மேல் நாலே வரி: மயிலாப்பூர், ஒரு படுக்கையறை, மாத வாடகை 18,000 ரூபாய், ஆவணி முதல். தள்ளிப் பார்க்காமல் போகிறவர் கண்ணில் படுவது முதல் பக்கம் மட்டும்தான். வாடகையை மறைத்து ‘விவரங்களுக்கு அழைக்கவும்’ என்று போட்டால், வெறுமனே பேச்சுக் கொடுக்க நினைப்பவர்களுக்கு அது ஒரு சாக்கு.

குளியலறைப் படம் வேண்டாம் என்று டீச்சர் கூச்சப்பட்டார். வாடகை வீடு தேடிய எந்தப் பெண்ணைக் கேட்டாலும் முதலில் பார்ப்பது அதைத்தான் என்பார். கழிப்பறை வீட்டுக்குள்ளா வெளியிலா, கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, ஜன்னல் யார் வீட்டைப் பார்க்கிறது, குழாயில் தண்ணீர் வருமா. அது நான்காம் பக்கமாயிற்று. ஐந்தாம் பக்கத்தில் மாடிப்படி. வெளிப்பக்கமாக ஏறும் படி, அதற்குத் தனிக் கதவு, படியில் விளக்கு. ‘தனி வழி’ என்று இரண்டே சொல். வீட்டுக்காரர் கூடத்தைத் தாண்டித் தன் அறைக்குப் போக வேண்டிய பெண், எத்தனை மணிக்கு வந்தாள், கையில் என்ன பை, கூட யார் என்பதற்கெல்லாம் தினமும் பார்வையால் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும். தனி வழி உள்ள வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்கிறார்கள் என்றால் அது இந்தக் கணக்கிலிருந்து தப்பிக்கத்தான்.

ஆறாம் பக்கம் தண்ணீரும் மின்சாரமும். மெட்ரோ தண்ணீர் சம்ப்பில் விழும், மோட்டார் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும். மேல்வீட்டுக்குத் தனி மின் இணைப்பு. இந்தக் கடைசி வரி சாதாரணமாகத் தோன்றும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசம். தனி இணைப்பு இருந்தால் அந்தச் சலுகை குடியிருப்பவருக்கு வரும். உள்மீட்டர் மட்டும் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் சொல்வதை வாங்கும் வீடுகளில், ஒற்றை ஆள் மாதாமாதம் கொடுக்கும் தொகை எங்கே போகிறது என்றே தெரியாது.

பிறகு விதிகள். டீச்சர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார், ரூல் போட்ட தாளில் பதினான்கு. வகுப்பறைக் கையெழுத்து. நான் அவற்றை மூன்று குவியலாகப் பிரித்தேன். முதல் குவியல் வீட்டைப் பற்றியது: மோட்டார் நேரம், சுவரில் ஆணி, மொட்டைமாடியில் பாரம் ஏற்றுவது, குப்பை பிரித்துப் போடுவது. இரண்டாவது அக்கம்பக்கத்தைப் பற்றியது: இரவு பத்துக்கு மேல் சத்தம், தெருவில் வண்டி நிறுத்துவது. இந்த இரண்டிலும் எட்டு விதி அடங்கிவிட்டன. யார் வந்தாலும் அவை பொருந்தும். மீதி ஆறும் வருகிற ஆளைப் பற்றியவை. குடும்பம் மட்டும். சைவம் மட்டும். ஒன்பதரைக்குக் கேட் பூட்டப்படும். ஆண் விருந்தினர் கூடாது. இரவு யாரும் தங்கக்கூடாது. துணி காயப்போடும்போது ‘பார்வையாக’ இருக்க வேண்டும்.

“இதுல எது இல்லாம உங்களுக்குத் தூக்கம் வராது, டீச்சர்?” என்று கேட்டேன்.

அவர் யோசித்து, “கேட்டு” என்றார். “ராத்திரி கேட்டு தொறந்திருந்தா எனக்குப் பயம். தனியா இருக்கேன் இல்ல.”

அது நியாயமான பயம். ஆனால் பயம் திறந்த கேட்டைப் பற்றியது. விதியோ மேல்வீட்டுப் பெண் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதைப் பற்றியது. இரண்டுக்கும் நடுவே ஒரு சாவி இருக்கிறது. இரவு வேலை முடித்து வருகிற செவிலியோ மென்பொருள் நிறுவனத்துப் பெண்ணோ பதினொன்றரைக்கு வந்து தன் சாவியால் திறந்து, உள்ளே வந்து பூட்டிக்கொண்டால் கேட் மூடித்தானே இருக்கும்? அதையே எழுதினோம்: ‘கேட் எப்போதும் பூட்டியிருக்கும். ஒரு சாவி உங்களிடம் இருக்கும்.’ ஒன்பதரை என்ற எண் தானாகவே விழுந்துவிட்டது. மற்ற விதிகளையும் இப்படியே கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஒரு விதியின் அடியில் எந்தப் பயம் இருக்கிறது, அந்தப் பயத்தை ஆளின் வாழ்க்கையைத் தொடாமல் தீர்க்க வழி உண்டா என்று. இரவு தங்கும் விருந்தினர் பற்றிய விதியின் அடியில் இருந்தது தண்ணீர்க் கவலை. இரண்டு பேருக்கு விட்ட வீட்டில் ஆறு பேர் தங்கினால் சம்ப் தாங்காது. ஆகவே, ‘நிரந்தரமாகத் தங்குவோர் மூவருக்கு மேல் வேண்டாம்’ என்றானது. துணி விதிக்கு அடியில் எந்தப் பயமும் இல்லை. எதிர்வீட்டார் ஒருமுறை சொன்னது, அவ்வளவுதான். அதை அடித்துவிட்டோம்.

‘சைவம் மட்டும்’ அப்படிக் கரையவில்லை. டீச்சர் வீட்டில் மூன்று தலைமுறையாக மரக்கறிதான். வாசனை ஒத்துக்கொள்ளாது என்றார். சமையலறை ஜன்னல் பின்பக்கம் திறக்கிறது, அவர் படுக்கையறை முன்பக்கம் என்று நான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். மயிலாப்பூரில் இந்த இரண்டு சொல்லும் உணவைப் பற்றி மட்டும் பேசுவதில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். சாதிப் பெயரை எழுதினால் வெட்கக்கேடு, சாப்பாட்டை எழுதினால் பழக்கவழக்கம். தொலைபேசியில் ‘நீங்க என்ன சாப்பிடுவீங்க?’ என்று ஆரம்பிக்கும் கேள்வி ‘சொந்த ஊர் எது?’ என்று போய், எங்கே முடியும் என்று தலித் மாணவிகளும் இஸ்லாமிய மாணவிகளும் எனக்குப் பல முறை சொல்லியிருக்கிறார்கள். சட்டம் இங்கே பெரிதாகக் கைகொடுக்காது. அரசமைப்பின் 15ஆவது பிரிவு கடைகள், உணவகங்கள், கிணறுகள், சாலைகள் போன்ற பொது இடங்களைப் பேசுகிறது, தனியார் வீட்டு வாசலைப் பேசவில்லை. குஜராத்தின் பார்சி வீட்டுவசதிச் சங்கம் ஒன்று தன் சமூகத்தாரை மட்டுமே உறுப்பினராகச் சேர்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் சொன்னதும் இந்த வகையில்தான்.

“டீச்சர், நீங்க முதல்ல தனியா வீடு எடுத்தது எங்கே?” என்று கேட்டேன். கதை எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் வாயால் வரட்டும் என்றுதான்.

“தி. நகர்ல. எண்பத்தி நாலு. வேலை கிடைச்ச புதுசு” என்றார். “நாலு வீடு பார்த்தேன். எல்லாரும் ஒரே கேள்வி. அப்பா வருவாரா, அண்ணன் வருவாரா. கடைசில அண்ணன் வந்து அட்வான்ஸ் கொடுத்து, அவன் பேர்லதான் ரசீது போட்டாங்க. சம்பளம் என்னோடது.” கொஞ்சம் நிறுத்தி, “அந்த அம்மா என்னை ‘நல்ல பொண்ணு’ன்னு எல்லார்கிட்டயும் சொல்லும். அஞ்சரைக்குள்ள வந்துடுவேன்ல” என்று சிரித்தார்.

பெண்களுக்குக் கூரை தேடும் கதை இந்த ஊரில் அதைவிடப் பழையது. சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளைப் படிக்க வைக்க எழும்பூரில் ஆரம்பித்த முயற்சி வளர்ந்து, 1917இல் கடற்கரை ஐஸ் ஹவுஸுக்கு வந்தது. ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த கட்டடம் அது. ஆண் துணையில்லாத பெண்கள் சேர்ந்து வாழ அரசே ஒரு கட்டடத்தைத் தர வேண்டியிருந்தது. விடுதி என்பது அப்படிப் பிறந்த தீர்வு, இன்றும் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு முதலில் கைகாட்டப்படுவது விடுதியைத்தான். விடுதியில் கட்டில் கிடைக்கும், வார்டன் கிடைப்பார். தன் அடுப்பும் தன் தாழ்ப்பாளும் உள்ள ஒரு போர்ஷனைத்தான் ஊர் எளிதில் தராது.

அன்று மாலை டீச்சர் அந்த வரியை எடுத்துவிடச் சொன்னார். மனம் முழுதாக மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். “எழுத வேண்டாம். வந்தா பார்த்துக்கலாம்” என்றார். எழுதாமல் விட்டுவிட்டு வாசலில் வைத்துக் கேட்பது எழுதுவதைவிட மோசம் என்றேன். ஒருத்தி விடுப்பு எடுத்து, ஆட்டோவுக்குக் காசு கொடுத்து வந்த பிறகு அதைக் கேட்க நேரும். இரவு யோசித்து மறுநாள் அவரே ஒரு வாக்கியம் சொன்னார்: ‘கீழே சைவச் சமையல். மேலே சமையல் உங்கள் விருப்பம்.’ தமிழ் வாத்தியாரான எனக்கு அதில் திருத்த ஒன்றும் இல்லை.

குடும்பம் மட்டும் என்ற வரிக்குப் பதில் ‘பெண்கள், தம்பதிகள், குடும்பங்கள்’ என்று வந்தது. தனி ஆண்களுக்கு டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. தனியாக இருக்கும் பெண் தன் தலைக்கு மேல் யார் குடியிருப்பது என்பதில் எடுக்கும் முடிவை நான் அசைக்கப் பார்க்கவில்லை. ஆண் விருந்தினர் விதி மட்டும் போயிற்று. “தம்பி வந்தா என்ன பண்ணுவா, தெருவுலயா நிக்க வைப்பா?” என்று அவரே கேட்டுக்கொண்டார். தம்பி அல்லாத ஒருவர் வந்தால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

எட்டாம் பக்கம் என் யோசனை. வருகிறவர்களுக்கு விதி இருக்கும்போது வீட்டுக்காரருக்கும் இருக்கட்டும் என்றேன். இதில் சட்டமே நமக்கு வாசகம் எழுதித் தருகிறது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாட்டில் 2017இல் இயற்றப்பட்ட வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. குடியிருப்பவர் வீட்டுக்குள் உரிமையாளர் நுழைய 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தகராறு என்றால்கூடத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக்கூடாது. முன்பணத்துக்கு அது காட்டும் அளவு மூன்று மாத வாடகை. சென்னையின் வழக்கமோ பத்து மாதம். பதினெட்டாயிரம் ரூபாய் வாடகைக்கு வழக்கப்படி 1,80,000 ரூபாய், சட்டம் சொல்வது 54,000. இடையிலிருக்கும் 1,26,000 ரூபாய்தான் பல பெண்களை வீட்டுக்குத் திரும்ப வைத்து, அப்பாவிடமோ அண்ணனிடமோ கையேந்த வைக்கிறது. பணம் தருகிறவர் பெயரில் ரசீது போகும், பின்னாலேயே அவருடைய சொல்லும் வரும். டீச்சருக்குத் தன் தி. நகர் ரசீது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். “மூணே போதும்” என்றார். எட்டாம் பக்கம் இப்படி முடிந்தது: ‘முன்பணம் மூன்று மாதம். ரசீது உங்கள் பெயரில். முதல் நாள் சொல்லாமல் மேலே வரமாட்டேன்.’

ஒன்பதாம் பக்கம் பார்வை நேரம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் என்று தீர்மானித்தோம். சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை வரை ராகுகாலம், ஞாயிறு மாலை நாலரை முதல் ஆறு வரை ராகுகாலம். நமக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்பது வேறு, அந்த நேரத்தைப் போட்டால் பாதிப் பேர் வரமாட்டார்கள். சனி காலை பத்தரை முதல் பன்னிரண்டரை, ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு என்று எழுதினோம். மாலை நேரமே வைக்கவில்லை. பகல் வெளிச்சத்தில் வந்தால் சுவரின் ஈரம் அவர்கள் கண்ணுக்கும் தெரியும், வருகிறவர் முகம் டீச்சர் கண்ணுக்கும் தெரியும். ஆளுக்கு இருபது நிமிடம். அந்த இரண்டு மணி நேரமும் பக்கத்து வீட்டு அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்வதாக ஏற்பாடு. கதவு எண்ணைப் பதிவில் போடவில்லை, நேரம் உறுதியானவர்களுக்கு அன்று காலை அனுப்பினோம். எண்ணும் டீச்சரின் சொந்த எண் இல்லை, இதற்கென்று வாங்கிய தனி சிம். ‘முதலில் செய்தி மட்டும்’ என்று எழுதியும் முதல் இரவு பதினொரு மணிக்கு மேல் ஏழு அழைப்புகள் வந்திருந்தன. வீட்டு விளம்பரத்தில் பெண்குரல் இருக்கும் என்று தெரிந்தாலே போதும், சிலருக்கு வீடு தேவையில்லை.

பத்தாம் பக்கத்தில் ஒரே வரி: ‘வீட்டை நேரில் பார்க்காமல் யாருக்கும் பணம் அனுப்ப வேண்டாம்.’ இப்படிப்பட்ட படங்களை எடுத்து வேறு எண்ணோடு, வாடகையைக் குறைத்து மறுபதிவு செய்து, ‘வெளிநாட்டில் இருக்கிறேன், டோக்கன் அனுப்பினால் சாவி வரும்’ என்று ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் எல்லாப் படத்தின் நடுவிலும் எங்கள் எண்ணை மங்கலாகப் பதித்தோம். எழுத்து விஷயத்தில் ஒரு தொல்லை: வடிவமைப்புச் செயலியில் சில எழுத்துருக்களில் கொம்பு ஓரிடமும் கால் ஓரிடமுமாகச் சிதறும். ஒவ்வொரு பக்கத்தையும் வேறொரு கைப்பேசியில் திறந்து படித்துப் பார்த்த பிறகே பதிவிட்டோம். பக்கத்துக்கு ஐந்து வரிக்கு மேல் வைக்கவில்லை. படத்திலுள்ள எல்லாச் செய்தியையும் கீழே குறிப்பிலும் தட்டச்சு செய்தோம். படத்திலுள்ள எழுத்தைப் பார்வையற்றவர்களின் கைப்பேசி படித்துக்காட்டாமல் போகலாம்.

இரண்டு வாரத்தில் பதினொரு பேர் வந்து பார்த்தார்கள். அவர்களில் ஒன்பது பேர் பெண்கள். வந்தவர்களில் பலரும் எட்டாம் பக்கத்தைப் பற்றித்தான் முதலில் பேசினார்கள். ‘ரசீது என் பேர்லயா?’ என்று ஒருத்தி இரண்டு முறை கேட்டாள். எதிர்வீட்டார் ஒருநாள் வந்து, தெருவின் பழக்கம் கெடும் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் பதில் சொல்லவில்லை.

ஆவணி இரண்டாம் வாரம் மேல்வீட்டுக்கு அக்காவும் தங்கையும் குடிவந்தார்கள். ஒருத்திக்கு இரவுப் பணி. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைக்கிறார்கள். அன்று டீச்சர் பின்பக்க ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார். நான் கேட்டதற்கு, “என் வீட்டு ஜன்னலை நான் சாத்திக்கிறேன். அதுக்கு விதி எதுக்கு?” என்றார்.

போன வாரம் ஒருநாள் மேல்வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று பிளம்பரை வரவழைத்திருக்கிறார். அதற்கு முதல் நாளே அந்தப் பெண்களுக்குச் செய்தி அனுப்பியிருந்தார், ஒரு பிழையும் இல்லாத தமிழில்: ‘நாளை காலை பத்து மணிக்கு மேலே வரலாமா?’ அவர்கள் பதினொன்றுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். டீச்சர் பதினொன்றுக்கே போனார்.